என் குரலை வாசித்த பிள்ளை

கொரோனாவில் பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, பாடங்களை என் குரலிலேயே பதிந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயங்களில், இருந்த பிள்ளைகளுக்கு அனுப்பினேன். ஒரு லயத்தில் ஒரு போன் இருந்தால் பெரிய விஷயம். அதைச் சுற்றி உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

திறந்ததும், விட்டுப்போன படிப்பை மீட்கும் வகுப்புகள் வந்தன. எந்த ஆண்டில் படிக்கிறது என்று பாராமல், எழுத்தா, சொல்லா, நாலைந்து வரிப் பந்தியா, ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை வாசிக்கிறது என்று பார்த்துக் குழுவாகப் பிரிக்க வேண்டும். நான் அவசரத்தில் பழைய பாடத்திலிருந்தே ஒரு பந்தியைக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அதை மடமடவென்று வாசித்துத் தள்ளினாள். 'பந்தி' என்று குறித்த பிறகுதான் உறைத்தது: பதிவில் நான் செருமிய இடத்தில் அவளும் செருமியிருந்தாள்.

புதுத் தாளொன்றை நீட்டினேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

"இதுக்கு நீங்க வாய்ஸ் போடலையே, டீச்சர்."

'பந்தி' என்ற குறிப்பை அப்படியே விட்டிருந்தால் அவளுக்கு அதன்பின் யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதை அடித்துவிட்டு 'எழுத்து' என்று எழுதினேன்.

"மூனாம் ஆண்டுப் புள்ளைங்க கூடவா? சிரிப்பாங்க, டீச்சர்."

"சிரிக்கட்டும். நானும் கீழதான் ஒக்காரப் போறேன். வா."

எழுத்துக் குழு உட்கார்ந்த அந்தப் பாயும், ஜன்னல் வழியே வந்து எங்கள் நடுவில் உட்காரும் பனியும், எழுத்தட்டைகளுக்கான சண்டையும் இன்னும் எனக்கு வேண்டும்போல் இருக்கிறது. ஒருநாள் அவள் புதுப் பந்தியொன்றைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இடைவேளை மணி அடித்தது. அவள் முடிக்கும்வரை பாயிலிருந்து ஒருவரும் எழும்பவில்லை.