சுவரில் எழுதிய கூலி

என் வீட்டுக்காரருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தையல் யூனிட்டில் மற்ற எல்லோருக்கும் அவர் அக்கா. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் நீளமாக ஒரு ஹால், அதில் எட்டு மிஷின், நடுவில் துணி வெட்டுகிற மேஜை, கதவோரம் என்னுடைய செக்கிங் மேஜை. அண்ணியின் சாம்ராஜ்யம் அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுக்கிறோம். எட்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தாலும் அண்ணியின் குரல் கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்கும். பஞ்சர் ஒட்டுகிறவர் நான் இறங்கும்போது, "இன்னிக்குத் திட்டு எனக்கா, வேற யாருக்காவதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். அண்ணியின் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. திறக்க இடம் கிடைத்ததில்லை என்பது என் கட்சி.

யூனிட் ஆரம்பித்த புதிதில் எல்லோருக்கும் நாள் கூலிதான். வேகமாகத் தைக்கிறவர்கள் மெதுவாகத் தைக்கிறவர்களைப் பார்த்து மெதுவானார்கள். மெதுவாகத் தைக்கிறவர்கள் யாரையும் பார்க்கவில்லை, சன்னலைத்தான் பார்த்தார்கள். சட்டை வெளியே போவதற்குள் அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கடைசியில், "இனிமே பீஸ் ரேட். தைச்சதுக்குக் காசு, கத்தினதுக்குக் காசு கிடையாது. கிடைச்சா நான்தான் பணக்காரி" என்று அறிவித்தார்.

சொல்வது சுலபம். ஒரு காலருக்கு எவ்வளவு, ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்வது? அண்ணி தானே உட்கார்ந்து ஒவ்வொரு வேலையையும் தைத்துப் பார்த்து ரேட் போட்டார். அவர் பத்து வருஷம் அடுத்தவர் யூனிட்களில் தைத்த கை. சட்டைக் கை முனைப் பட்டியான கஃப் தைக்கிற அம்மா எழுந்து நின்று, "அக்கா, உங்க கையை வச்சு எனக்கு ரேட் போட்டா நான் பட்டினிதான் கிடக்கணும்" என்றார். அண்ணி முறைத்தார், யோசித்தார், எழுதியதை அழித்தார். பிறகு ரொம்ப வேகமும் இல்லாத, ரொம்ப மந்தமும் இல்லாத ஒரு ஆளைத் தைக்கச் சொல்லி, நூல் அறுவது, அடிநூல் பாபின் மாற்றுவது, தண்ணீர் குடிக்கப் போவது எல்லாவற்றையும் சேர்த்தே நேரம் பார்த்தார். அப்படிச் சுமாராகத் தைக்கிறவருக்கும் பழைய நாள் கூலியைவிடக் கொஞ்சம் கூடவே வருகிற மாதிரி ரேட் அமைந்தது. துணி வராமலோ மிஷின் ரிப்பேராகியோ சும்மா உட்கார நேர்ந்தால் அந்த நேரத்துக்குப் பழைய கூலி. யாருக்காவது கணக்கு நாள் கூலிக்குக் கீழே இறங்கினால் நாள் கூலி நிச்சயம்.

கணக்கு வைக்கிற பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. அவர் பெரிய நோட்டுப் போட்டு, கோடு கிழித்து, சாயங்காலம் ஒவ்வொருவரிடமும் போய் "எத்தனை?" என்று கேட்டு எழுதினார். இரண்டு வாரத்தில் ஹால் சந்தைக்கடை ஆனது. தைத்த காலரைவிடச் சொன்ன காலர் அதிகம். அண்ணி நோட்டைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார். இப்போது வெட்டிய துணிக் கட்டு ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை போகிறது. அட்டையின் ஓரத்தில் காலர், கஃப், பாக்கெட், பக்கத் தையல் என்று வேலைக்கு ஒரு சீட்டு. கட்டு எண் எல்லாச் சீட்டிலும் இருக்கும். தைத்தவர் கட்டை என் மேஜையில் வைக்க வேண்டும். தையல் சரியாக இருந்தால் அவர் சீட்டைக் கத்தரித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவர் அதைத் தன் தாளில் ஒட்டிக்கொள்வார். கோணலாக இருந்தால் கட்டு அவருக்கே திரும்பிப் போகும், பிரித்துத் தைக்கிற வேலை அவர் பாடு. துணியே கோணலாக வெட்டப்பட்டிருந்தால் அது எங்கள் தப்பு, அதற்குக் காசு உண்டு. வாரக் கடைசியில் சீட்டை எண்ணி ரேட்டால் பெருக்கினால் சம்பளம். சண்டை நின்றது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் நோட்டு போன வருத்தம் இன்னும் இருக்கிறது.

காலர் தைக்க இரண்டு பேர். ஒருத்தி சமீபத்தில் சேர்ந்தவள், எல்லோருக்கும் அவள் புதுசு. இன்னொருவர் ஆண், அவரை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கை தெரியாது. ஆனால் அவர் என்னிடம் கொண்டுவருகிற கட்டுகளின் எண்ணிக்கை ஒரு நாள்கூடக் கூடியதில்லை, குறைந்ததில்லை. மத்தியானம் தாண்டினால் எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிடும். மிஷினைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்த மிஷின் குடித்த எண்ணெயில் ஒரு குடும்பம் பலகாரம் சுடலாம்.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். இதுவரை வராத அளவு பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் நம் பக்கமே திரும்ப மாட்டார்கள். உடம்பும் கையும் தைத்த சட்டைகள் மலையாகக் குவிந்தன. காலர்தான் வந்தபாடில்லை. புதன்கிழமை காலை எக்ஸ்பிரஸ் மகளைப் பள்ளியில் சேர்க்க அரைநாள் லீவு போட்டார். அண்ணி பொறுக்கமாட்டாமல் தானே அவர் மிஷினில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் காலில் ஏதோ தட்டியது. குனிந்து இழுத்தால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே தைத்து முடித்த காலர் கட்டுகள். சீட்டு கத்தரிக்காமல் அட்டை அப்படியே தொங்கியது.

ஹாலில் எல்லா மிஷினும் நின்றது. திருட்டு என்று சொல்ல முடியாது, பொருள் எங்கேயும் போகவில்லை. ஆனால் சட்டை மலை நம்மைப் பார்த்து நிற்கும்போது காலரைக் காலடியில் ஒளித்து வைப்பதை வேறு என்னவென்று சொல்வது?

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பாத்தியாக்கா? இவ்வளவு சீக்கிரம் முடிக்கறான்னா காலருக்கு நாம ஜாஸ்தி குடுக்கறோம்னு அர்த்தம். நாளைக்கே ரேட்டைக் குறை. அப்ப தானா வேலை வெளியே வரும்."

அண்ணி பெட்டியைத் தூக்கித் துணி வெட்டுகிற மேஜைமேல் வைத்தார்.

மத்தியானம் எக்ஸ்பிரஸ் வந்தார். பெட்டி மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. டிபன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, "கணக்கை முடிச்சுக் குடுங்கக்கா, போறேன்" என்றார்.

"போறதுக்கு முன்னாடி சொல்லு. ஏன் ஒளிச்சே?"

"நாளைக்குக் காட்டலாம்னு."

"இன்னிக்கே காட்டினா இன்னிக்கே காசு. உனக்குக் காசு கசக்குதா?"

அவர் பெட்டியைப் பார்த்தே பேசினார். "முன்னாடி வேலை பார்த்த மூணு இடத்துலயும் இப்படித்தான் சொன்னாங்க. நல்லா தைச்சேன். ரெண்டு வாரம் கை நிறைய வந்தது. மூணாவது வாரம் ரேட்டைக் குறைச்சுட்டாங்க. அப்புறம் அதே காசுக்கு ஒண்ணரை மடங்கு வேலை. என்னால மத்தவங்க ரேட்டும் குறைஞ்சது, அவங்க என்கூடப் பேசறதை விட்டுட்டாங்க. வேகமா தைச்சா அபராதம்னு பழகிப்போச்சு அக்கா."

என் வீட்டுக்காரர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். காலையில் அவர் சொன்னதும் அதுதானே. நான் அவரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு மனைவிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்காது.

அண்ணி கீழே சைக்கிள் கடைக்குப் போனார். ஒரு டப்பா பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு வேலையின் ரேட்டையும் பெரிதாக எழுதினார். அடியில், 'சட்டை மாடலோ மிஷினோ மாறினால்தான் ரேட் மாறும். எவ்வளவு தைத்தாலும் குறையாது' என்று எழுதித் தேதி போட்டார். எழுத்து கோணல்மாணல்தான், கையெல்லாம் பெயிண்ட். "சாக்பீஸ்ல எழுதினா அழிக்க ஆசை வரும்" என்றார்.

எக்ஸ்பிரஸ் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. டிபன் பையை மாட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவர் என் மேஜையில் வைத்த கட்டுகளைப் பார்த்து எனக்குக் கையெழுத்துப் போட்டே விரல் வலித்தது. ஒரு காலர்கூடத் திரும்பிப் போகவில்லை. ஆர்டர் வெள்ளிக்கிழமை வண்டி ஏறியது.

சனிக்கிழமை சம்பளம். நான் சீட்டை எண்ணினேன், என் வீட்டுக்காரர் பெருக்கினார், சந்தேகப்பட்டு மறுபடி பெருக்கினார். அந்த வாரம் எக்ஸ்பிரஸுக்கு வந்தது அண்ணி தன் வீட்டுக்கு எடுத்துப் போகிற பணத்தைவிட அதிகம். ஹால் முழுக்க வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு எங்கள் மேஜையையே பார்த்தது.

"அக்கா, நல்லா யோசி. பெயிண்ட் மேல பெயிண்ட் அடிக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்.

அண்ணி அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வலித்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. மாடி வாடகை பாக்கி, துணிக்காரருக்குப் பாக்கி, பெண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். அப்புறம் தம்பியைத் திரும்பிப் பார்த்து, ஹாலுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "டேய், காலர் வந்ததாலதான் மத்த ஏழு மிஷினும் ஓடிச்சு. எத்தனை சட்டை தைச்சாலும் வாடகை அதேதான். அவன் நம்மகிட்ட எடுத்துக்கலை, நமக்குச் சேர்த்துத்தான் குடுத்திருக்கான். எண்ணிக் குடு."

எக்ஸ்பிரஸ் பணத்தை வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்கவில்லை. நகரவும் இல்லை. பிறகு திரும்பி, "புதுசு, இங்க வா" என்றார்.

அவளை மிஷினில் உட்காரவைத்து, காலர் முனை வரைக்கும் தைக்கச் சொன்னார். ஊசி துணிக்குள் இறங்கியிருக்க, இரண்டு துணிக்கும் நடுவே ஒரு துண்டு நூலை ஊசியைச் சுற்றி வைத்தார். முனையில் குறுக்கே ஒரே ஒரு தையல், அப்புறம் வழக்கம்போல மறுபக்கம். தைத்து முடித்துக் காலரை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பும்போது அந்த நூலைப் பிடித்து இழுத்தார். முனை கத்தி மாதிரி வெளியே வந்தது. நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு முனையையும் ஊசியால் குத்திக் குத்தி வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். புதுசு, "இவ்வளவுதானா?" என்று வாயைப் பிளந்தாள்.

"இவ்வளவுதான். இதைத் திரும்பிக்கிட்டுத் தைப்பேன், யாரும் பார்த்துடக் கூடாதுன்னு" என்றார் எக்ஸ்பிரஸ்.

அண்ணி அந்தக் காலரைக் கையில் வாங்கி முனையைத் தொட்டுப் பார்த்தார். "அடப்பாவி, இத்தனை மாசமா என்கிட்ட இதை ஒளிச்சு வச்சிருந்தியா?"

"உங்ககிட்ட இல்லக்கா. ரேட்கிட்ட" என்றார் அவர்.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், "என்ன வேடிக்கை? திங்கட்கிழமையிலேர்ந்து புதுசும் இப்படித்தான் தைக்கணும், அவளுக்கும் அதே ரேட்தான்" என்று கத்தினார். கீழே பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் அது கேட்டிருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.