ஒன்பதாம் ஸ்லைடுக்கு முன் எழுதிய வரி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘டைப்பு அக்கா’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. நர்சிங் அலுவலகத்தில் ஜன்னலோர மேஜை அவளுடையது. காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைத் துடைப்பாள், கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிடுவாள், பிறகுதான் சுவிட்சைப் போடுவாள். ‘என் கையால யாருக்கும் கெடுதல் வரக் கூடாது, சாமி’ என்பதுதான் தினமும் அவள் வேண்டுதல். பெரிதாக வேறொன்றும் கேட்டதில்லை.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அண்ணி. அண்ணி அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில், வயதானவர்கள் வார்டில், இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள். டைப்பு அக்காவின் கணவர் தவறிப்போன வருடம், “அழுதுட்டே உக்காந்திருந்தா ஆச்சா? வா என்கூட” என்று கையைப் பிடித்து இழுத்து வந்து, நர்சிங் சூப்பிரண்டு அம்மாவின் முன்னால் நிறுத்தினாள். “இவளுக்கு டைப்பு தெரியும். தப்பே வராது. நான் பொறுப்பு” என்றாள். அந்த ‘நான் பொறுப்பு’ அவள் காதில் இன்னும் இருந்தது.

வருடா வருடம் ஊழியர் கூட்டம் நடக்கும். காலை ஷிப்டுக்கு ஒரு நாள், மாலை ஷிப்டுக்கு மறுநாள். இரண்டு நாளும் சூப்பிரண்டு அம்மா பேச வேண்டும். திரையில் ஓடும் ஸ்லைடுகளை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்து கொடுத்திருந்தார்கள்: கட்டடப் பராமரிப்புக்காரர், பாதுகாப்பு நர்ஸ், ஆள் மாற்றம் பார்க்கும் கிளார்க். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில், திரையில் தெரியாத இடத்தில், பேசுகிறவருக்கான குறிப்பு இருந்தது.

“இதையெல்லாம் ஒரே பேச்சா சேர்த்துக் குடுங்க” என்றார் சூப்பிரண்டு அம்மா. “போன வருஷம் ஸ்லைடு ஸ்லைடா குனிஞ்சு குனிஞ்சு பார்த்து, கழுத்தே போயிடுச்சு. பெரிய எழுத்துல, விட்டு விட்டு நிக்காம ஓடணும். சொன்னதையே திரும்பச் சொல்ல வேணாம். யாரோட சொந்த விஷயமும் வேணாம்.”

டைப்பு அக்கா குறிப்புகளை வரிசையாக ஒரே கோப்பில் கொண்டுவந்தாள். பார்த்தால் சந்தைக் கூச்சல்தான். ஒன்றில் முழு வாக்கியம், ஒன்றில் வெறும் எண். ஒருவர் ‘நிர்வாகம்’ என்கிறார், ஒருவர் ‘நாங்கள்’, இன்னொருவர் ‘நாம்’. ஒரே ஆள் ஒரு இடத்தில் பேஷண்ட், இன்னொரு இடத்தில் உள்நோயாளி. ‘கை கழுவுதல்!!! கோபமாகச் சொல்லவும்’ என்று ஒன்று. ‘இங்கே சிரிக்கவும்’ என்று ஒன்று. எதற்குச் சிரிப்பது என்று எழுதவில்லை.

அவள் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ‘நாம்’ ஆக்கினாள், எல்லோரையும் ‘நோயாளி’ ஆக்கினாள். ஓரத்தில் ஸ்லைடு எண்ணைப் போட்டாள். இரண்டு முறை வந்ததில் ஒன்றை எடுத்துவிட்டாள். ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில்தான் அவளுக்கு ருசி தட்டியது. ‘இது ஒருபுறம் இருக்க’, ‘இப்படிச் செய்ததோடு நின்றோமா?’ என்று ஒவ்வொரு சந்திலும் ஒரு வரி வைத்தாள். வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். இருபத்திரண்டு நிமிடம். மகள், “கேக்கக் கேக்க அடுத்து என்னன்னு தோணுதும்மா” என்றாள். அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

சூப்பிரண்டு அம்மா நடக்கிற நடையில் தாள்களைப் புரட்டி, “நல்லாயிருக்கு” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

முதல் நாள். மண்டபத்தில் இருநூறு பேர். அண்ணி நான்காவது வரிசையில், முழங்காலை நீட்டிக்கொள்ள வசதியாக ஓரத்து நாற்காலியில் இருந்தாள். டைப்பு அக்கா பின்னால் நின்று, கையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, எண் வரும் இடத்தில் ஸ்லைடைத் தள்ளினாள்.

பேச்சு தண்ணீராக ஓடியது. எட்டாம் ஸ்லைடு வந்தது.

“முதல் ஆறு மாதத்தில் பதினான்கு நோயாளிகள் குளியலறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தார்கள். பெரும்பாலும் மூன்றாம் மாடியில். இந்தக் குறையைத் தீர்க்க நாம் என்ன செய்தோம்?”

சூப்பிரண்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார். டைப்பு அக்கா விரலை அழுத்தினாள். ஒன்பதாம் ஸ்லைடு.

“மூன்றாம் மாடியின் மூத்த உதவியாளர் துணி அறைக்கு மாற்றப்பட்டார்.”

மறுபடியும் விரல். பத்து.

“அடுத்த ஆறு மாதத்தில் மூன்றே பேர்!”

கைதட்டல் எழுந்தது. எழுந்த கைதட்டலோடு தலைகளும் திரும்பின. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை வரிசையாக, எல்லாம் நான்காவது வரிசையின் ஓரத்து நாற்காலியை நோக்கி. அண்ணி நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

டைப்பு அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ‘இந்தக் குறையைத் தீர்க்க நாம் என்ன செய்தோம்?’ அது யாருடைய குறிப்பிலும் இல்லாத வரி. அவள் வைத்த வரி.

கத்தியிருக்கலாம். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று கடைசி வரை ஸ்லைடைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதை நினைக்கும்போதுதான் பின்னாளில் அவள் உடம்பு கூசும்.

கூட்டம் முடிந்ததும் சூப்பிரண்டு அம்மா தோளைத் தட்டினார். “எப்பவும் திக்கித் திக்கிப் படிப்பேன். இன்னிக்கு நானே பேசற மாதிரி இருந்துச்சு!”

“கடவுள் புண்ணியம், மேடம்” என்றாள் டைப்பு அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தக் காரியத்துக்குப் போய்க் கடவுளைச் சாட்சிக்கு இழுத்தோமே என்று அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேஜைக்குப் போய் மூலக் குறிப்புகளைத் திறந்தாள். ஒன்பதாம் ஸ்லைடுக்கு அடியில் கிளார்க் எழுதியிருந்தது: ‘மூன்றாம் மாடி மூத்த உதவியாளர், துணி அறைக்கு. முழங்கால் தேய்மானம், அவரே கேட்டுக்கொண்டது.’ சொந்த விஷயம் என்று முழங்காலை எடுத்தவள் அவள். பத்தாம் ஸ்லைடுக்கு அடியில் நர்ஸ் எழுதியிருந்தது: ‘3. காரணம் கைப்பிடியும் ரப்பர் விரிப்பும், ஸ்லைடு 6-ல் உள்ளபடி.’ கைப்பிடி, விரிப்பு எல்லாம் ஆறிலேயே வந்துவிட்டது, திரும்ப எதற்கு என்று எடுத்தவளும் அவள்தான். எடுத்தது இரண்டு, வைத்தது ஒன்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சொன்ன வேலைதான். மூன்றும் சேர்ந்து ஒரு பொய்.

மத்தியானம் கேண்டீனில் லிப்ட் ஆபரேட்டர் குரல் கேட்டது. “மகராசி கீழ இறங்கினதும் மூணாவது மாடி தரை காய்ஞ்சிடுச்சாமே! அவங்கள முன்னாடியே லிப்ட்ல இறக்கியிருப்பேனே நான்!” சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். டைப்பு அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டுத் துணி அறைக்கு இறங்கினாள்.

அண்ணி தனியாகப் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மடிக்க வேண்டிய விரிப்பு. ஒரு முனையை மேஜையில் கனமாக எதையோ வைத்து அழுத்தியிருந்தாள். டைப்பு அக்கா அந்த முனையைப் பிடிக்கப் போனாள்.

“வேணாம். நான் பார்த்துக்கறேன்.”

“அண்ணி... அந்தப் பேச்ச நான்தான்...”

“தெரியும். இங்க வேற யாரு டைப்பு அடிக்கறா?” அண்ணி நிமிரவில்லை. “என் முட்டிய ஏன் எடுத்த?”

“உங்க வலிய ஊருக்கெல்லாம் சொல்ல வேணாமேன்னு...”

“முட்டி வலி அசிங்கமாடி? வயசானா வரும். இப்ப வந்துச்சு பாரு, இதுதான் அசிங்கம்.” விரிப்பை உதறினாள். “இருபத்திரண்டு வருஷத்துல என் கைய விட்டு ஒருத்தர் விழுந்ததில்ல. பாத்ரூம்ல கைப்பிடி வேணும், வேணும்னு மூணு வருஷம் கத்தினதே நான்தான்.”

அது டைப்பு அக்காவுக்குத் தெரியாது. எந்தக் குறிப்பிலும் அது இல்லை. நின்ற இடத்தில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மூலக் குறிப்புகளை அச்செடுத்து, பேச்சையும் பக்கத்தில் வைத்து, சூப்பிரண்டு அம்மாவின் மேஜையில் பரப்பினாள். எடுத்ததையும் வைத்ததையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

சூப்பிரண்டு அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “வாய்விட்டுப் படிச்சது நான். எனக்கும் உறைக்கலையே. முன்னாடியே எழுதினவங்ககிட்ட ஒரு தடவை காட்டியிருக்கணும். நாளைக்குத் திருத்திப் படிச்சிடறேன்.”

“நாளைக்குக் கேக்கறவங்க வேற மேடம். இன்னிக்குக் கேட்டவங்க?”

“நோட்டீஸ் போர்டுல ஒட்டிடலாமே.”

“அத யாரு மேடம் படிக்கறாங்க? நாலு வருஷமா நான்தானே ஒட்டறேன்.”

சூப்பிரண்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். “வேற என்ன பண்ணலாம்ங்கறீங்க?”

“காலைல ஷிப்டு மாறும்போது ஒவ்வொரு மாடிலயும் எல்லாரும் கூடுவாங்கல்ல. அங்க நானே போய்ப் படிக்கறேன். அஞ்சு மாடி. ரெண்டு நிமிஷம் போதும்.”

“எல்லார் முன்னாடியுமா? நீங்களா?”

“அவங்க தலைகுனிஞ்சதும் எல்லார் முன்னாடிதானே மேடம்.”

அன்று சாயங்காலம் பேச்சைத் திருத்தினாள். ஒன்பதாம் ஸ்லைடைப் பத்துக்குப் பின்னால் தள்ளினாள். முழங்காலைத் திரும்ப வைத்தாள், அண்ணியைக் கேட்டுவிட்டுத்தான். கைப்பிடியை, இரண்டாவது முறையானாலும், பத்தில் வைத்தாள். கைப்பிடி வேண்டும் என்று கேட்டது யார் என்பதைப் பராமரிப்புக்காரரிடம் உறுதி செய்துகொண்டு ஆறில் சேர்த்தாள். குறிப்பு எழுதிய மூன்று பேரிடமும் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். ஒன்பதுக்கு முன்னால் எந்த இணைப்பு வரியும் எழுதவில்லை. ‘அடுத்து, ஆள் மாற்றங்கள்’ என்று மட்டும் போட்டாள். பேச்சு அந்த இடத்தில் கொஞ்சம் முட்டித்தான் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஒவ்வொரு மாடியாக ஏறினாள். “நேத்து கூட்டத்துல படிச்ச பேச்ச எழுதினது நான். அதுல ஒரு தப்பு இருக்கு. தப்பு என்னோடது” என்று தொடங்கி, தாளிலிருந்ததைப் படித்தாள். முதல் மாடியில் குரலே எழும்பவில்லை. இரண்டாவதில் ஒரு நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாம் மாடியில் ஒருவருக்கும் வியப்பில்லை. “எங்களுக்குத் தெரியாதா, டைப்பக்கா? மத்த மாடில போய்ச் சொல்லுங்க” என்றார்கள். நான்கிலும் ஐந்திலும் கேட்டவர்கள் கேட்டார்கள்; சிலர் வாட்சைப் பார்த்தார்கள். இறங்கும்போது லிப்ட் ஆபரேட்டர் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான், தரைத்தளப் பொத்தானை அழுத்தினான். எல்லோர் மனதிலும் பழையது அழிந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. அழிந்திருக்காது என்றே தோன்றியது.

கடைசியாகத் துணி அறை. வாசலில் தயங்கி நின்றாள்.

“என்ன நிக்கற? எல்லாருக்கும் படிச்சியாமே. எனக்கும் படி.”

படித்தாள். முடிந்ததும் தாளை மடிக்கத் தொடங்கினாள். அண்ணி ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். மேஜையில் கனம் எதுவும் இல்லை என்பதை டைப்பு அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

“ம். பேப்பர அப்புறம் மடிக்கலாம்” என்றாள் அண்ணி. “இந்த முனையப் பிடி.”