மேஜருக்கு ஏழு மணி ஊசி

குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் ஒரு சிரட்டை இருந்தது. அதில் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றி வைத்தவள் ரத்தினம்மா. ஃபேரர் பார்க் பக்கம் தலைமைக் குமாஸ்தா நடராசா வீட்டில் அவள் சமையல்காரி. அந்த வீட்டு நாய் மேஜர் வாளி வாளியாகக் குடித்தது, வராந்தாவை நனைத்தது. "உதுக்கு ஒழுக்கம் இல்லை. தண்ணிக் கிண்ணத்தை எடு" என்று உத்தரவு போட்டார் நடராசா. அலுவலகத்தில் முப்பது பேரைத் திருத்தியவர் அவர். நாய் மட்டும் திருந்தவில்லை.

ரத்தினம்மா வேறொன்றைக் கவனித்தாள். இரண்டு வேளையும் வழித்துத் தின்ற நாய்க்கு விலா எலும்பு தெரிந்தது. அது நனைத்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

"ஐயா, இது கெட்ட பழக்கம் இல்ல. சீக்கு" என்றாள்.

நாய் டாக்டர் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமானது; சிறுநீரில் சீனி, எறும்பு வந்தது அதற்குத்தான். சீனி ரத்தத்திலேயே நின்றுவிடுகிறது, உடம்புக்குள் போகக் கதவு திறப்பது இன்சுலின்தான் என்றார். காலை ஏழு, மாலை ஏழு. முதலில் அளவான சாப்பாடு, பிறகு ஊசி. கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

நடராசாவுக்குக் கை நடுங்கியது. எனவே மேற்பார்வையை எடுத்துக்கொண்டார். ரத்தினம்மா கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து ஆறவிடுவாள். மருந்துப் புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுவாள். பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, நேற்றுக் குத்திய இடத்தை விட்டுக் குத்துவாள். அவர் கடிகாரம் பார்ப்பார். வந்தவர்களிடம், "நான்தான் பாக்கிறன்" என்பார். மேஜருக்குச் சதை பிடித்தது.

கந்த சஷ்டிக் கடைசி நாள் காலை. அவர் மனைவி புஷ்பராணி அறிவித்தாள்: "பூசை முடியுமட்டும் இந்த வீட்டில ஒரு சீவனும் சாப்பிடக் கூடாது."

"அப்ப ஊசியும் வேணாம்மா. வெறும் வயித்துல போட்டா சீனி ரொம்ப இறங்கிடும். டாக்டரைக் கேட்டுக்கிட்டு போடலாம்" என்றாள் ரத்தினம்மா.

"டொக்டர் ஏழு மணி எண்டு எழுதியிருக்கிறார்" என்றார் நடராசா. நடுங்கிய கையாலேயே குத்தினார். ஏழு அடித்து முடியவில்லை.

ஒன்பது மணிக்கு மேஜர் தள்ளாடியது. கால்கள் மடங்கி விழுந்தது. புஷ்பராணி விபூதி எடுக்க ஓடினாள், நடராசா டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தேடினார். ரத்தினம்மா முருகன் படத்தின் முன்னால் இருந்த தேனை விரலில் எடுத்து நாயின் ஈறில் தடவினாள்.

"பூசைக்கு வைச்சதடி!"

"முருகன் பொறுத்துக்குவாரும்மா. இது பொறுக்காது."

மறுபடி தடவினாள். கொஞ்ச நேரத்தில் வால் அசைந்தது. தலை தூக்கியதும் சோறு வைத்தாள்; பிறகு டாக்டரிடம் தூக்கிப்போனார்கள். அடுத்த சஷ்டிக்கு நாய்க்கு விலக்கு அளித்து நடராசா தட்டச்சில் ஓர் அறிக்கையே ஒட்டினார்.

மேஜர் இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதன் பிறகு நடராசா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் புறப்பட்டார். துறைமுகத்தில் வழியனுப்பப் போன ரத்தினம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மூன்றாவது சோடாவை முடித்து, நான்காவது கேட்டார். போட்டிருந்த கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. கழிப்பறை எங்கே என்று இரண்டாவது முறை விசாரித்தார்.

"தாகமா இருந்தா குடிங்க ஐயா, நான் தடுக்கமாட்டேன்" என்றாள் அவள். "ஆனா எறும்பு வருதான்னு மட்டும் பாத்துக்குங்க."