சலூன் நாற்காலியில் அரை மணி நேரம்

சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் லாரிக்குப் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தேன். தீபாவளிக்கான கடைசி லோடு கிளம்பும் நாள்தான் எங்களுக்குத் தீபாவளி. தார்ப்பாயை இழுத்துக் கட்டி லாரியை அனுப்பிவிட்டு, ஆறு பேரும் நேராக மதுக்கடைக்குப் போவோம். அந்தச் சிரிப்பும் கேலியும் இன்றைக்கும் எனக்குப் பிடித்த நினைவுகள்தாம். ஆபத்தே அதில்தான் இருந்தது.

குடியை விட்டு ஐம்பது நாளே ஆகியிருந்த வருடமும் அந்த நாள் வந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றபோது ஆலோசகரம்மா சொல்லியிருந்தார்: "ஆசை வந்தா உடனே முடிவெடுக்காதீக. அரை மணி நேரம் தள்ளிப் போடுங்க. அதுக்குள்ள வேற வேலையில மனசை விடுங்க. ஏறுற ஆசை தானா இறங்கிரும்."

ஆசை எப்போது வரும், வந்தால் என்ன செய்வது என்று என்னையே எழுதவும் வைத்தார். வயிறாரச் சாப்பிடுவது, கூட்டாளிகளிடம் முன்பே சொல்லிவிடுவது, கடை இல்லாத தெரு வழியாகப் போவது. இதுதான் என் திட்டம்.

அன்று லோடு தாமதமாகி மதியச் சாப்பாடு போயிற்று. லாரி கிளம்பியதும் பழைய கூட்டாளி என் தோளில் கை போட்டான். "ஏலே, இன்னைக்கு ஒருநாள்தானலே!"

"இல்லலே, நான் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் பசியோடு சேர்ந்து ஆசையும் கிளம்பியது. வாய் ஊறியது. கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. மணி பார்த்தேன். நாலு பத்து. 'நாலே முக்கால் வரைக்கும் கிடையாது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மனைவிக்குப் போன் செய்தேன்.

"எங்கன நிக்கீக? பக்கத்துல என்ன இருக்கு?" என்றாள்.

"டீக்கடை, சலூன்."

"ரெண்டு வடையத் தின்னுட்டு சலூன்ல போய் உக்காருங்க. நான் இப்பவே பஸ் ஏறுறேன்."

வடையைத் தின்றுவிட்டு சலூன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தில் துண்டு கட்டிய பிறகு எழுந்து ஓடவும் கூச்சம். "அண்ணாச்சி, மெதுவா வெட்டுங்க. குடிக்கணும்போல இருக்கு. அது போற வரைக்கும் வெட்டுங்க" என்றேன்.

அவர் கத்திரியை நிறுத்திக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முடி வெட்டினார், ஷேவ் செய்தார், எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிட்டார். நடுவில் ஒரு முறை ஆசை நெஞ்சை முட்டியது. கூட்டாளிகளின் சிரிப்பு மட்டும் காதில் கேட்டது. முன்பு ஒரு வருடம் அவர்களோடு குடித்துவிட்டு மறுநாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்ததையும், மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதையும் வலுவில் நினைத்துக்கொண்டேன். மெல்ல ஆசை இறங்கியது, தோள் இறுக்கம் தளர்ந்தது.

மனைவி வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. என் தலையைப் பார்த்துச் சிரித்தாள். "இம்புட்டு ஒட்ட வெட்டச் சொன்னது யாரு?"

அடுத்த வருடம் கடைசி லோடுக்கு இரண்டு வாரம் முன்பே மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டேன். அன்று மனைவி, மகளோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன்.