கட்டமா, கேள்விக்குறியா?

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது ஒழுங்காக வரும். மற்றபடி டாக்டர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் கட்டக்கா. "அக்கா, என் போன்ல தமிழ் கட்டம் கட்டமா வருது" என்று ஆளாளுக்கு ஓடி வந்து, கட்டமும் அக்காவும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராகிவிட்டன. முதலில் கோபம் வந்தது. பிறகு வீட்டில் புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததும், சரி தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள அறை அவளுடையது. நோயாளிகளுக்குப் போகும் தமிழ்க் கடிதங்கள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படும். "வெறும் வயிற்றோடு வரவும்" என்று எழுதிய கடிதம் ஒருவருடைய போனில் கட்டங்களாகத் தெரிந்தால், அவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆபரேஷனுக்கு வந்து நிற்பார். அதனால் ஒரு தட்டில் ஒன்பது பழைய போன்களை வரிசையாக வைத்திருந்தாள். எந்தக் கடிதமும் அந்த ஒன்பதுக்கும் போய், ஒன்பதிலும் எழுத்தாக விரிந்த பிறகுதான் வெளியே போகும். பகல் சாயும் நேரத்தில் ஒன்பது திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். அப்போது அவளுக்கு வேலை பார்க்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். எழுத்துகள் எங்கிருந்தோ மெதுவாக நீந்தி வந்து கரையேறுவது போலப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

யார் குறை சொல்லி வந்தாலும் இரண்டு விஷயம் கேட்பாள். "எனக்கு அனுப்பாதீங்க. உங்க திரையைப் படம் புடிச்சுக் காட்டுங்க." அனுப்பினால் அவள் கணினியில் எல்லாம் அழகாகத் தெரியும், அப்புறம் வந்தவர் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். அடுத்தது, "கட்டமா, கேள்விக்குறியா?"

அதில்தான் உயிர் இருக்கிறது. கட்டம் என்றால் கவலையில்லை. எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது. அதை வரைய அந்தப் போனுக்கு எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றாலும் பாதகமில்லை, அந்தப் போனுக்குச் சேர்த்து எழுதத் தெரியவில்லை. இன்னதென்று தெரியாத அந்நிய எழுத்துகள் கூட்டமாக வந்தாலும் மீட்டுவிடலாம், தவறான முறையில் படிக்கிறது. ஆனால் கேள்விக்குறி வந்தால் கதை முடிந்தது. வழியில் ஏதோ ஒரு மென்பொருள் தமிழை எடுத்து எறிந்துவிட்டு, எறிந்த இடத்திலெல்லாம் ஒரு கேள்விக்குறியை நட்டுவைத்திருக்கிறது என்று அர்த்தம். எழுத்துரு மாற்றினாலும் வராது, போன் மாற்றினாலும் வராது.

ஒரு பன்னிரண்டாம் தேதி மதியம் லிஃப்ட்காரர் வந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டை ஓட்டுகிறவர். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர்.

"கட்டக்கா, எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. வந்து எட்டு நாளாச்சு. குப்பைன்னு விட்டுட்டேன். நேத்து வீட்டுல பாத்துட்டு, கீழ உங்க அண்ணன் பேரு இங்கிலீஷ்ல இருக்கேங்கறா."

"படம் புடிச்சீங்களா?"

"பிரிண்டே எடுத்துட்டு வந்துட்டேன்."

காகிதம் முழுக்கக் கேள்விக்குறி. லிஃப்ட்காரரும் அண்ணனும் பேசி பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில், யாரோ சிரிக்க வேண்டுமென்று அண்ணன் சொன்ன ஒரு சொல். தம்பி கை கழுவிக்கொண்டு எழுந்து வந்தவர்தான். விலாசம் மாறியது, நம்பர் மாறியது, மாற்றியதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது ஆஸ்பத்திரி ஊழியர்களின் மின்னஞ்சல் முகவரி எப்படி இருக்கும் என்று அண்ணன் யாரையோ விசாரித்து, ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, அந்தக் கடையின் முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறார்.

"திட்டியிருக்கானா, கூப்பிட்டிருக்கானா, அது மட்டும் தெரிஞ்சா போதும்க்கா" என்றார் லிஃப்ட்காரர். காகிதத்தை அவளிடம் தந்த பிறகும் கையை நீட்டியபடியே நின்றார்.

அவள் கணினிப் பிரிவுக்கு ஓடினாள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் "இது வெளியிலிருந்து வந்தது, கவனம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியை ஒட்டுவதற்கு ஒரு வருஷமாக ஒரு பழைய மென்பொருள் வாசலில் உட்கார்ந்திருந்தது. அது ஒட்டும்போது கடிதம் முழுவதையும் தனக்குத் தெரிந்த எழுத்து வரிசையில் திருப்பி எழுதும். அந்த வரிசையில் தமிழுக்கு இடமே கிடையாது. மூலக் கடிதத்தைச் சேமித்து வைக்கும் வழக்கமும் அதற்கு இல்லை.

"ஒரு வருஷமா இப்படியா?" என்றாள் கட்டக்கா.

"நீங்கதானே எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க" என்றான் கணினிப் பிரிவுக்காரன். அவன் மேல் குற்றமில்லை. அவள் போட்ட கையெழுத்துதான். வெளியே போகும் கடிதத்தை ஒன்பது போனில் பார்த்தாளே தவிர, வெளியிலிருந்து உள்ளே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? நின்ற இடத்திலேயே அந்த வரி ஒட்டுவதை நிறுத்த வைத்தாள். வெளி முகவரியிலிருந்து தமிழில் நாலு வரி அனுப்பி, அது முழுசாக வந்து சேர்ந்ததைப் பார்த்தாள். ஆனால் இனி வரப்போகிற கடிதங்களுக்குத்தான் அது உதவும். ஒரு மனிதரின் பதினோரு வருஷத்தைத் தானே தொலைத்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

கடையின் முகவரிக்கு, கடிதத்தை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினார்கள். பதில் இல்லை.

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரரும் அவளும் அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்து உட்கார்ந்தார்கள். வெயில் மஞ்சளாக வந்து அதன் மேல் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கக் கேள்விக்குறிகள் அசைவது போலிருந்தது. மழை நின்ற பிறகு கம்பியில் தொங்கும் துளிகள் மாதிரி.

"தமிழ்தான் போச்சுண்ணே. எண்ணும் புள்ளியும் கமாவும் போகாது" என்றாள். "எழுத்து, கொம்பு, மேல வைக்கிற புள்ளி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி. அதனால நீளமும் தெரியும்."

முதல் வரியில் ஐந்து குறி, ஒரு கமா. அவள் விரல் விட்டு எண்ணினாள். த, ம, மேல் புள்ளி, ப, ஒரு சுழி.

"'தம்பி'ன்னு போட்டா அஞ்சு வருதுண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து 14, அது தேதியாக இருக்கும். அடுத்து 2207. அப்புறம் 6.40. லிஃப்ட்காரர் சட்டென்று திரும்பினார். "ரெண்டாயிரத்து இருநூத்தி ஏழு காலை வண்டிக்கா. ஆறு நாப்பதுக்கு இங்க வரும்." பிறகு ஒரு 3, அதையடுத்து ஏழு குறிகள்.

"மூணு நாட்கள்" என்றார் அவர். குரலே மாறிவிட்டது. "மூணு நாட்கள் தங்குறான்."

அவள் எண்ணினாள். ஏழுதான். "பொருந்துதுண்ணே. பொருந்தினா அதுதான்னு அர்த்தமில்ல" என்று வாய் சொன்னதே தவிர, மனசு அவரோடு சேர்ந்து மூன்று நாளையும் வாழ ஆரம்பித்துவிட்டது. மற்ற வரிகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி இருந்தது. கடைசி வரிக்கு மட்டும் இல்லை. அப்படியென்றால் அந்தக் கூட்டத்திலேயே கடைசிக் குறி ஒன்று மட்டும் அண்ணன் தன் கையால் போட்டது. அவர் ஏதோ கேட்டிருக்கிறார்.

"நாளன்னைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வர்றேண்ணே" என்றாள் அவள். தப்பாகப் படித்திருந்தால் அவரைத் தனியாக நிற்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினாலாம் தேதி காலை ஸ்டேஷன் முழுக்கப் பனி. விளக்குக் கம்பங்கள் பாதியோடு நின்றுவிட்டன. லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி மெத்தைக்குப் புது உறை போட்டு, வெந்நீர் வைத்துக் காத்திருக்கிறாளாம். வண்டி சத்தமே இல்லாமல், தூக்கத்தில் நடக்கிற மாதிரி வந்து நின்றது. இருவரும் கதவு கதவாகப் பார்த்தார்கள். ஒரு பெண் இறங்கினாள். இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். வேறு யாரும் இறங்கவில்லை.

"இல்லக்கா" என்றார் லிஃப்ட்காரர்.

"டேய்."

குரல் ஜன்னல் ஒன்றிலிருந்து வந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை முதலில் தெரிந்தது, பிறகு நரைத்த தலை. லிஃப்ட்காரர் ஓடினார்.

"இறங்குண்ணே! என்ன உக்காந்திருக்க?"

"இறங்குறேன்னு எங்கடா எழுதினேன்? வண்டி மூணு நிமிடம் நிக்கும், ஜன்னலோரம் இருப்பேன், வருவாயான்னுதானே கேட்டிருந்தேன்?"

கட்டக்கா விரல் விட்டு எண்ணினாள். நிமிடம். அதுவும் ஏழுதான்.

"எங்க போற?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாளைக்கு நெஞ்சைத் திறக்குறாங்க. அதுக்கு முன்னாடி உன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துரலாம்னு." அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "பதிலே காணோமா, வரமாட்டேன்னு நினைச்சிட்டேன். இளைச்சுப் போயிட்டியேடா."

"கூட யாரு இருக்கா?"

"யாரு இருக்கா. தனியாத்தான்."

விசில் ஊதியது. லிஃப்ட்காரர் ஜன்னல் கம்பியை விடவில்லை. வண்டி நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். நாலு எட்டு வைத்ததும் கம்பியை விட்டுவிட்டு அடுத்த கதவைப் பிடித்து ஏறிவிட்டார். டிக்கெட் இல்லை, மாற்றுத் துணி இல்லை, இஸ்திரிச் சட்டை மட்டும்தான். கதவில் நின்று கத்தினார்: "கட்டக்கா, வீட்டுல சொல்லிரு!"

பனி வண்டியை ஒவ்வொரு பெட்டியாக வாங்கிக்கொண்டது. அவள் நடைமேடையில் நின்று அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட்காரரின் மனைவிக்கு போன் போட்டாள்.

"வந்துட்டாரா? கிளம்பிட்டீங்களா?" என்றாள் அந்த அம்மா.

"அவரு இறங்கல அண்ணி. அவருக்கு ஆபரேஷனாம், அதுக்குப் போறாரு. இவரும் அதே வண்டில ஏறிப் போயிட்டாரு."

போனில் அடுப்பு எரிகிற ஓசை மட்டும் கேட்டது.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா போறாங்க?"

"ஒண்ணாத்தான் அண்ணி."

"சரி" என்றாள் அந்த அம்மா. "அப்ப இந்த வெந்நீர்ல நானே குளிச்சிக்கிறேன்."