வவுனியா லொறி முற்பணம்

வெள்ளவத்தையில் இருந்த எங்கள் கணக்காளர் ஐயாவுக்குச் சண்டைக் காலத்தில் பயம் கூடிப்போச்சு. கொட்டாஞ்சேனைக் கடைப் பதிவுகளை நான் மாதாமாதம் அனுப்ப, அவர் தன் கணினியில் ஏற்றி, பேரேட்டை மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பிளொப்பித் தட்டில் திருப்பி அனுப்புவார். அந்தக் கோப்புகளைக் கடைக் கணினியில் ஒரு கூட்டல் தாளில் சேர்த்துச் சுருக்கி முதலாளிக்குக் காட்டுவது என் வேலை.

ஒரு மாதச் சுருக்கத்தில், லொறிக்காரருக்குக் கொடுக்கிற முற்பணத்தில் ஒரு சதத்துக்கும் பில் வந்து தீரவில்லை என்று வந்தது. அந்தக் காசைக் கையாளுகிறவர் எங்களோடு கடையில் வேலை செய்த, ஹட்டனில் இருந்து வந்த அண்ணன் ஒருவர். அவர் தந்த பில்களை நானே வாங்கி எழுதினனான். சொன்னால் முதலாளி கேட்டால்தானே. "கம்பியூட்டர் பொய் சொல்லுமா?" என்றார். அண்ணன் ஜிந்துப்பிட்டியில் அறை எடுத்திருந்தார். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிய வேணும்; அந்தப் பதிவைப் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேணும். கணக்குத் தீராமல் கடிதம் இல்லை என்றுவிட்டார். கடிதம் இல்லாமல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் கடையை விட்டு வெளியில் இறங்கவே இல்லை. சாப்பாட்டுப் பார்சலும் நான்தான் வாங்கிக் கொடுத்தனான்.

பிளொப்பி வந்து நாலு நாளைக்குப் பிறகு ஐயாவின் குறிப்பு ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

"சோதனைச் சாவடியில் அச்சுத்தாளில் வடக்கு ஊர்ப் பெயரைக் கண்டு கேள்வி கேட்கிறார்கள். ஆகையால் 'வவுனியா லொறி முற்பணம்' இம்மாதக் கோப்பில் இருந்து 'வெளியூர் முற்பணம்'. இன்னும் சில தலைப்புகளும் அப்படியே. பெயர் மட்டுமே மாறியது, கணக்கின் குறியீட்டு எண் மாறவில்லை. பழைய கோப்புகளில் பழைய பெயரே இருக்கும். எண்ணை வைத்துச் சேர்க்கவும். போன மாத இறுதி மீதியும் இம்மாத ஆரம்ப மீதியும் ஒன்றா என்று பார்க்கவும். பெயரைத் தேடிக் கூட்டும் தாள் ஏதும் இருந்தால் திருத்தவும்."

இருந்தால்! என் தாள் முழுக்கப் பெயரைத் தேடித்தான் கூட்டும், அது அவருக்கும் தெரியும். போன மாதம் கொடுத்த காசு பழைய பெயரில் நிற்க, இந்த மாதம் தீர்த்த பில்கள் புதுப் பெயருக்குள் போயிருக்கின்றன. முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் மனுஷனுக்கு வாயில் இருந்து முத்தா உதிர்ந்துவிடும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குறிப்பைக் கசக்கி எறியப் பார்த்தனான். முதலாளிக்குக் காட்ட வேணுமே என்று வைத்துக்கொண்டேன்.

எண்ணை வைத்துச் சேர்த்தேன். இரண்டு பெயரும் ஒன்றாகி, மீதி பூச்சியம். ஆரம்ப மீதிகளும் சரி. முதலாளி குறிப்பையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மற்ற வேலையைக் கவனிக்கத் தொடங்கினார். ஒரு மன்னிப்பு, சும்மா பேச்சுக்குக்கூட இல்லை.

அண்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முதலாளி, இனிமே லொறிக் காசை டிரைவர் கையிலேயே குடுத்துருங்க. எனக்கு வேணாம்" என்றார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் அதற்குள் பதிவுக்கு நேரமாச்சு என்று படியிறங்கிவிட்டார்.