லசானாவின் எண்ணில் பதினோரு வருடம்

என் மாமா மக்கான் துகூரே பாரிஸில் பதினெட்டு வருடம் பாத்திரம் கழுவினார். பிரான்ஸ் ஓய்வூதிய அலுவலகத்தின் ஏட்டில் அவர் பெயருக்கு ஏழு வருடம்தான் இருக்கிறது. மீதிப் பதினோரு வருடம் அவருடைய பெரியப்பா மகன் லசானாவின் பெயரில் கிடக்கிறது.

நடந்தது எளிது. எண்பத்தொன்றில் லசானா ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய குடியிருப்பு அட்டையை மாமா எடுத்துக்கொண்டு போனார். முகம் ஒத்துப்போனது. மாலியில் எங்கள் காய் நகரத்துப் பக்கத்து வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் போனவர்கள். சமையலறையில் எல்லோரும் மாமாவை லசானா என்றே கூப்பிட்டார்கள். சம்பளத்தில் பிடித்த பங்கெல்லாம் லசானாவின் எண்ணில் ஏறியது. தொண்ணூற்றிரண்டில்தான் மாமாவுக்குச் சொந்தக் காகிதம் கிடைத்தது. தொண்ணூற்றொன்பதில் முதுகு ஒடிந்துபோய் ஊர் வந்துசேர்ந்தார்.

அங்கே கட்டியதைத் திருப்பிக் கேட்க முடியாது. பிரான்ஸ் அதைக் கையில் தருவதில்லை. ஓய்வு பெறும் வயது வந்த பிறகு மாதப் பணமாகத்தான் தரும். மாலியில் கட்டிய வருடங்கள் இருந்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி கூடச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் மாமா இங்கே எந்த வேலையிலும் பங்கு கட்டியதில்லை, சேர்க்க ஒன்றும் இல்லை. லசானாவுக்கோ தன் பன்னிரண்டு வருடத்தோடு மாமாவின் பதினோரு வருடமும் சேர்ந்து பணம் வந்தது. அதில் மாமாவின் பங்கை ஒவ்வொரு மாதமும் அவர் பிரித்துக் கொடுத்துவிடுவார். யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரே முற்றத்தில் இருக்கிறவர்களுக்கு எழுத்து எதற்கு?

போன மழைக்காலத்தில் லசானா இறந்தார். அவருடைய பணம் நின்றது. மனைவி குந்தோவுக்கு விதவைப் பங்காக அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வர ஆரம்பித்தது. அதில் பங்கு பிரிக்க இடமில்லை. அவர் தலையில் மூன்று பேரன் பேத்திகள். மாமாவிடம் மிஞ்சியது சொந்த ஏழு வருடத்தின் பணம். ஒரு மூட்டை அரிசியும் முதுகுவலி மாத்திரையும் வாங்கினால் அது தீர்ந்துபோகும்.

டிசம்பரில் நான் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மாமா என்னைத் திரும்பி வந்தோர் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். காகிதம் பார்க்கிற பக்காரி குலிபாலியைப் பார்த்ததும், "தட்டைப்பயறு தின்னி, வயித்துல காத்தோட உக்காந்திருக்கியா?" என்று கேட்டார். குலிபாலி குடும்பத்தைத் துகூரேக்காரர் பரம்பரைக் கேலியாக அப்படித்தான் விசாரிப்பார்கள்.

பக்காரி சிரித்துவிட்டுச் சம்பளச்சீட்டுகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் லசானா. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த உணவகம் மூடி இருபது வருடம் ஆகிறது, எண்ணுக்கு உரியவர் ஒப்புக்கொண்டால் வலு கூடும், அவர் மண்ணுக்குள் இருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"ஆபீசுக்கு எழுதுனா ஒண்ணு நினைச்சுக்க. நீ கேக்குற வருசம் லசானாவோட கணக்குலேர்ந்துதான் கழியணும். அந்தம்மாவோட பணமும் அதுலேர்ந்துதான் வருது."

மாமா வீட்டுக்கு வந்து குந்தோவிடமே கேட்டார். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"எழுதுங்க தம்பி. உழைச்சது நீங்க. நான் வேண்டாம்னு சொன்னா அது திருட்டு."

"உங்களுக்குக் கொறையும் அண்ணி."

"கொறைஞ்சா கொறையட்டும். ஒங்க முதுகு எனக்குத் தெரியாதா?"

நான்தான் எழுதினேன். இரண்டு மொழியும் தெரிந்தவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் யாராவது எடைபோட்டுப் பார்ப்பார்கள் என்று நம்பினேன். ஆண்டுகள், தெருவின் பெயர், கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர், எல்லாம் எழுதினேன்.

ஏப்ரலில் பாரிஸில் என் முகவரிக்குப் பதில் வந்தது. தொலைபேசியில் மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முதலாளியின் உறுதிக்கடிதம் இல்லை, ஆகவே அந்தப் பதினோரு வருடத்துக் காலாண்டுகளை மக்கான் துகூரேயின் கணக்குக்கு மாற்ற முடியாது. இரண்டாவது பத்தியைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அதே காலாண்டுகளில் லசானா துகூரே வேலை செய்யவில்லை என்று உங்கள் கடிதமே கூறுவதால், அவருடைய கணக்கு மறுபடி ஆராயப்படும். அதுவரை விதவைப் பங்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.



"அப்போ அந்த வருசத்துல வேலை செஞ்சது யாரு?" என்றார் மாமா.

"அவங்க கணக்குல யாருமில்ல மாமா."

மே மாதப் பணம் குந்தோவுக்கு வரவில்லை. ஜூனிலும் வரவில்லை. மாமா தன் ஏழு வருடத்தின் பணத்தை அப்படியே அவர் கையில் கொடுக்கிறாராம். மாத்திரை நிறுத்திவிட்டார் என்று அத்தை சொன்னாள். நான் மேல்முறையீடு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"நீ இனிமே எதுவும் எழுதாத," என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை.